காட்சி இருக்கிறது, கைக்கு வரவில்லை: வீடியோ லாக் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்துவது

கொழும்பில் சிறு குழுவாக யூடியூப் சேனல் நடத்தும் பலரிடம் இப்போது பல வருட ஃபுட்டேஜ் சேர்ந்துவிட்டது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் ஆடிவேல் தேர், புறக்கோட்டைக் கடைகள், காலிமுகத்திடல் மாலைகள், வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கின்றன. லாக் ஷீட்டும் இருக்கிறது, டேக்குகளும் இருக்கின்றன. ஆனாலும் "போன வருடம் நல்லா ஓடிச்சே, அந்த இடம் எங்கே?" என்று ஒருவர் கேட்டால் அரை நாள் போய்விடுகிறது.

இந்தக் கட்டுரை ஒரே வேலையைப் பற்றியது. வெளியான வீடியோவில் பார்வையாளர்களைப் பிடித்து நிறுத்திய ஒரு தருணத்தை, அது படமாக்கப்பட்ட மூலக் கோப்பில் சரியாகக் குறித்து வைப்பது, பிறகு தேடி எடுப்பது. என் அனுபவத்தில் டேக் குறைவாக இருப்பதால் வேலை கெடுவது அபூர்வம். வெளியீட்டுக்கும் மூலக் கோப்புக்கும் நடுவே உள்ள இணைப்பு அறுந்திருக்கும், இல்லாவிட்டால் அந்த இடம் ஏன் எடுபட்டது என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் ஒரு கொத்துக் கடை பற்றிய 12 நிமிட வீடியோ. கடைக்காரர் இரண்டு தகடுகளால் தாளம் போட்டுக் கொத்து அடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் சீஸ் போடச் சொல்கிறார். தகடுகள் அப்படியே நிற்கின்றன. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு அவர் நிமிர்ந்து, "சீஸ் போட்டா இந்தச் சத்தம் வராது தம்பி" என்கிறார். வெளியான வீடியோவில் அந்த மௌனம் 6:48இல் வருகிறது.

## அறிகுறி: இருக்கிறது என்று தெரியும், தேடினால் எதுவும் வரவில்லை

"கொத்து" என்று தேடுகிறீர்கள், பூச்சியம். ஷீட்டைக் கண்ணால் உருட்டிப் பார்த்தால் "கொத்து" என்றே எழுதியிருக்கிறது. இப்படி நடந்தால் டேக் போட்டவரைக் கோபிக்க முன்னர் எழுத்தைச் சோதியுங்கள்.

யூனிகோட்டில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின்னால் ஒற்றைக் குறியாக U+0BCA வரலாம். அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக U+0BC6, U+0BBE என்று வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எழுத்தை எழுத்தாக மட்டும் ஒப்பிடும் தேடல் கருவிகளுக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பழைய மேக் டிஸ்க்குகளில் இருந்து கோப்புப் பெயர்களை அப்படியே நகலெடுத்து ஷீட்டில் ஒட்டியிருந்தால் இது கட்டாயம் வரும், ஏனென்றால் அந்தக் கால மேக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது.

கண்டுபிடிப்பது சுலபம். ஷீட்டில் ஒரு வெற்றுக் கட்டத்தில் `=LEN(A2)` போடுங்கள். சேர்த்து எழுதிய "கொத்து" 6 என்று காட்டும், பிரித்து எழுதியது 7 என்று காட்டும். வேறுபாடு தெரிந்தால் முழு ஷீட்டையும் ஒருமுறை இதில் ஓட்டுங்கள்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
s = s.replace("\u200c", "").replace("\u200d", "").strip()
```

கடைசி வரியில் கவனம் தேவை. அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை நீக்குகிறது. தமிழ்த் தேடலுக்கு இதனால் பாதிப்பு இல்லை. ஆனால் கொழும்பில் லாக் ஷீட்டில் சிங்களமும் இருக்கும். சிங்களத்தில் ஸ்ரீ போன்ற எழுத்துகள் U+200D இல்லாமல் உடைந்துபோகும். ஆகவே அந்த வரியைத் தமிழ் நிரல்களுக்கு மட்டும் போடுங்கள்.

NFC இயல்பாக்கம், அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்ப்பது, திருத்தாத ஒரு பிழையும் உண்டு. நம் உதாரணத்தில் "மௌனம்" முக்கியமான டேக். அதைப் பலர் மகரம், ஒற்றைக்கொம்பு, பிறகு ளகர எழுத்து என்று "மெளனம்" என அடித்துவிடுகிறார்கள். கணினிக்கு அது உண்மையாகவே வேறு சொல், இயல்பாக்கம் செய்தாலும் மாறாது. இந்த மாதிரிச் சொற்களுக்குத் தனியாகத் தேடி மாற்றுவதுதான் வழி. எண்ணிக்கை அதிகம் இராது. மௌனம், கௌரவம், பௌர்ணமி போன்ற சில சொற்களைப் பார்த்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

பழைய ஷீட்டுகளில் இன்னொரு தொல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த லாக்குகளை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கொத்து `nfhj;J` என்று தெரியும், கொழும்பு `nfhOk;G` ஆகிவிடும். எழுத்துரு இருக்கிற கணினியில் அழகாகத் தமிழ் தெரிவதால் பல வருடம் யாரும் கவனிப்பதில்லை. தேடலுக்கோ அது தமிழே இல்லை. பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவியில் போடும்போது முழு ஷீட்டையும் போட்டுவிடாதீர்கள். `C0023.MP4` மாதிரியான கோப்புப் பெயர்களையும் மாற்றி அது சிதைத்துவிடும். பாமினி இருக்கும் நிரல்களை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

எழுத்து சரி, ஆனாலும் வரவில்லை என்றால் பிரச்சினை சொல்லில் இருக்கிறது. ஒருவர் கொத்து என்பார், இன்னொருவர் கொத்துரொட்டி என்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் அடிப்பார். எல்லாரையும் ஒரே மாதிரி எழுத வைக்க முயன்றால் அந்த விதி ஒரு மாதம்கூடத் தாங்காது. டேக் ஒன்றுதான் இருக்கட்டும், மாற்றுப் பெயர்கள் தனிப் பட்டியலில் இருக்கட்டும்:

```
கொத்து = கொத்துரொட்டி, கொத்து ரொட்டி, kothu, koththu, kottu
வெள்ளவத்தை = வெள்ளவத்த, wellawatte, wellawatta
காலிமுகத்திடல் = கோல்பேஸ், galle face
```

## அறிகுறி: லாக்கில் நேரம் இருக்கிறது, அங்கே போனால் வேறு காட்சி

அதிகமாக நேரத்தைத் தின்னும் பிழை இதுதான். ஷீட்டில் "கொத்து தாளம், 6:48" என்று இருக்கும். எந்தக் கோப்பின் 6:48? வெளியான வீடியோவினுடையதா, எடிட்டரின் டைம்லைனுடையதா, கமராக் கோப்பினுடையதா? மூன்றும் மூன்று கடிகாரங்கள். எது என்று எழுதாத நேரத்தை நம்பக் கூடாது.

முதலில் கோப்பின் ஆரம்பம், நடு, முடிவு என மூன்று இடங்களில் லாக் நேரத்தையும் உண்மையான நேரத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் வித்தியாசம் ஒரே அளவு என்றால் ஆரம்பப் புள்ளி மாறியிருக்கிறது. வித்தியாசம் போகப் போகக் கூடிக்கொண்டே போனால் ஃப்ரேம் ரேட் பொருந்தவில்லை. கூடியும் குறைந்தும் அலைந்தால் பெரும்பாலும் கைபேசியில் எடுத்த, ஃப்ரேம் ரேட் மாறிக்கொண்டே இருக்கும் கோப்பு. ஒருவரிடமும் கேட்காமல் இந்த ஒரு சோதனையிலேயே காரணம் பாதி தெரிந்துவிடும்.

வித்தியாசம் மாறாமல் இருந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒருவர் சாதாரணப் பிளேயரில் பார்த்து, கோப்பு தொடங்கியதிலிருந்து ஓடிய நேரத்தை எழுதியிருப்பார். இன்னொருவர் எடிட்டிங் மென்பொருளில் தெரிந்த டைம்கோடை எழுதியிருப்பார். கமரா நாளின் நேரத்தை டைம்கோடாகப் பதிந்திருந்தால் கிளிப் 14:21 என்று பிற்பகலில் தொடங்கும், பிளேயரில் அதே இடம் 0:00 என்று காட்டும். மூன்றாவது காரணம் பலர் நினைக்காதது. வீடியோ வெளியான பிறகு யூடியூப் ஸ்டூடியோ எடிட்டரில் யாராவது முன்பக்கத்தில் சில வினாடிகளை வெட்டியிருக்கலாம். இணைப்பு மாறாது, பார்வை எண்ணிக்கை மாறாது, ஆனால் அதற்குப் பிறகு எடுக்கிற நேரம் ஒவ்வொன்றும் உங்கள் மாஸ்டர் கோப்பிலிருந்து அத்தனை வினாடி தள்ளி நிற்கும்.

வித்தியாசம் கூடிக்கொண்டே போகும் வகையில் பெரும்பாலும் 29.97இல் எடுத்ததை 30 என்று கணக்கிட்டிருப்பார்கள். அந்தத் தவறு ஒரு மணிநேரத்துக்கு 3.6 வினாடி சேர்க்கும். நம்மிடம் கமராக்கள் வழக்கமாக 25இல் இருக்கும், வெளியிலிருந்து வந்த ஃபுட்டேஜில்தான் இது அதிகம். கைபேசிக் கோப்பா என்று இப்படிப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 file.mp4
```

இரண்டு எண்களும் விலகியிருந்தால் ஃப்ரேம் ரேட் நிலையாக இல்லை என்று சந்தேகியுங்கள். அப்படியான கோப்பை நிலையான 25க்கு மாற்றிய பிறகே லாக் போடுங்கள். முதலில் லாக் போட்டுப் பிறகு மாற்றினால் எழுதிய நேரமெல்லாம் வீண்.

இனி வெளியீட்டின் 6:48ஐ மூலக் கோப்புக்குக் கொண்டுபோவோம். எடிட்டரிடம் கேட்க வேண்டியது அந்த வீடியோவின் இறுதி டைம்லைனிலிருந்து ஒரு EDL, அதாவது எந்த ஷாட் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற பட்டியல். அது சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கும். டாவின்சி ரிசால்வில் டைம்லைன் வழமையாக 01:00:00:00இல் தொடங்கும். ஆகவே 6:48 என்பது அங்கே 01:06:48:00. அந்த நேரம் விழுகிற வரியைத் தேடுகிறோம்:

```
047  C0023    V     C        14:22:10:05 14:22:31:05 01:06:41:10 01:07:02:10
* FROM CLIP NAME: 20230716_A_03_C0023.MP4
```

நான்கு நேரங்களில் முதல் இரண்டு மூலக் கோப்பின் தொடக்கமும் முடிவும். அடுத்த இரண்டும் டைம்லைனில் அது உட்கார்ந்திருக்கும் இடம். 01:06:48:00இலிருந்து 01:06:41:10ஐக் கழித்தால் 6 வினாடி 15 ஃப்ரேம். அதை 14:22:10:05உடன் கூட்டினால் 14:22:16:20. மௌனம் தொடங்கும் இடம் மூலக் கோப்பில் அதுதான். ஒரு வினாடிக்கு 25 ஃப்ரேம் என்பதை மறக்காமல் கூட்டுங்கள், கடைசி இரண்டு இலக்கமும் 24ஐத் தாண்டாது.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் இடங்கள் உண்டு. ஷாட்டின் வேகத்தை மாற்றியிருந்தால் அந்த வரிக்குக் கீழே `M2` என்று தொடங்கும் வரி ஒன்று வரும். அது இருந்தால் நேரடியாகக் கூட்டக் கூடாது, கிளிப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். இந்த வகை EDL ஒரு வீடியோ ட்ராக்கைத்தான் தாங்கும். பேட்டி கீழ் ட்ராக்கிலும் பி-ரோல் மேல் ட்ராக்கிலும் இருந்தால், பார்வையாளர் பார்த்தது தகடுகளின் குளோசப், EDL காட்டுவது பேட்டி முகம் என்று ஆகிவிடும். எந்த ட்ராக்கிலிருந்து எடுத்தது என்று எடிட்டரிடம் கேட்டு ஷீட்டில் எழுதுங்கள்.

கோப்புப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். பல கமராக்கள் கார்டை அழித்த பிறகு `C0001` என்று மறுபடி எண்ணத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதனால் ஒரு பெரிய களஞ்சியத்தில் `C0023.MP4` டஜன் கணக்கில் இருக்கும். மேலே உள்ள பெயரில் திகதி, கமரா, கார்டு எண் மூன்றும் முன்னால் இருப்பது இதற்காகத்தான். ஆனால் பெயர் மாற்றுவதைக் கார்டிலிருந்து இறக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். ஏற்கெனவே எடிட் ஆகிப்போன பழைய கோப்புகளின் பெயரை இப்போது மாற்றினால் புரொஜெக்டுகளில் இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். பழையவற்றுக்கு டிஸ்க் பெயரையும் முழுப் பாதையையும் தனி நிரலில் எழுதினால் போதும்.

## அறிகுறி: நன்றாக ஓடிய இடத்தைத்தான் எடுத்தோம், மறுபடி போட்டால் எடுபடவில்லை

ரிட்டென்ஷன் வரைபடத்தில் மேடு தெரிந்த இடத்துக்கெல்லாம் "சிறந்தது" என்று டேக் போட்டிருப்பார்கள். ஷார்ட்ஸாக வெட்டிப் போட்டால் எவரும் நின்று பார்ப்பதில்லை. பார்வையாளர் மாறிவிட்டார் என்று சொல்ல முன்னர் மேட்டை மறுபடி வாசியுங்கள்.

மேடு எவ்வளவு துல்லியமானது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். யூடியூப் அனலிட்டிக்ஸ் ஏபிஐயில் `audienceWatchRatio` என்ற அளவு, வீடியோ எவ்வளவு நீளமானாலும் மொத்தம் 100 புள்ளிகளாகத்தான் வரும். நம் 12 நிமிட வீடியோவில் ஒரு புள்ளி 7.2 வினாடி. 40 நிமிட வீடியோ என்றால் 24 வினாடி. அந்த 24 வினாடிக்குள் எந்த வாக்கியம், எந்தச் சிரிப்பு என்று எண் சொல்லாது. ஆகவே ஒற்றை நேரத்தை எழுதாதீர்கள், தொடக்கமும் முடிவும் உள்ள வீச்சை எழுதுங்கள். உள்ளே எது காரணம் என்பதைக் காதும் கண்ணும்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது மேட்டின் வடிவம். பார்வையாளர் கைபேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் வழக்கமாகப் பத்து வினாடி பின்னால் போகும். ஒன்றைக் கேட்டு அல்லது பார்த்து வியந்த பிறகுதான் அவர் தட்டுகிறார். ஆகவே அவர் திரும்பப் பார்க்கிற பகுதி, அவர் வியந்த இடத்துக்குப் பத்து வினாடிக்கு முன்னரே தொடங்கி அந்த இடத்தோடு முடியும். இந்த மாதிரி மேட்டில் காரணம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் உதாரணத்தில் மேடு 6:41 அளவில் ஏறி 6:51 அளவில் இறங்குகிறது. வரைபடத்தைப் பார்த்து 6:41இல் காரணத்தைத் தேடினால் தகடுகளின் சத்தம் மட்டும்தான் கிடைக்கும். 6:49இல்தான் அவர் வாய் திறக்கிறார்.

மாறாக, செங்குத்தாக ஏறி மெல்ல மெல்ல இறங்கும் மேடு என்றால், யாரோ நேரத்தோடு இணைப்புப் பகிர்ந்திருக்கலாம், அல்லது சாப்டர் தலைப்பைத் தட்டி நேரே அங்கே வந்திருக்கலாம். கருத்துகளில் அந்த நேரத்தைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் யாராவது எழுதியிருப்பார்கள். இந்த வகையில் காரணம் ஏற்றத்தை ஒட்டியே இருக்கும். 2022இலிருந்து யூடியூப் அதிகம் திரும்பப் பார்க்கப்பட்ட இடத்தைப் பார்வையாளருக்கே காட்டுகிறது. அதைப் பார்த்துத் தாவுகிறவர்களும் மேட்டை இன்னும் உயர்த்துவார்கள். எனவே பழைய வீடியோக்களில் மேட்டின் உயரத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரம் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேடு இருக்கிறதா, ஏன் இருக்கிறது, இந்த இரண்டு கேள்வியும் போதும்.

ஏன் என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அதே வீடியோவில் 2:30 அளவில் இன்னொரு மேடு. அங்கே திரையில் விலைப்பட்டியல் ஒன்று இரண்டு வினாடி வந்து போகிறது. வாசிக்க நேரம் போதாமல் ஆட்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். மூலக் கோப்பில் அந்தப் பட்டியலே கிடையாது, அது எடிட்டில் சேர்த்த கிராஃபிக். அந்த இடத்தின் மூலக் கிளிப்புக்கு "சிறந்தது" என்று டேக் போட்டால், களஞ்சியத்தில் கடை வாசலின் சாதாரண ஷாட் ஒன்று உயர்ந்த மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருக்கும். விளங்காத பேச்சும் இதே மாதிரித்தான். சத்தத்துக்குள் ஒருவர் கதைத்தது விளங்காமல் மூன்று முறை கேட்டாலும் மேடு வரும். ஹெட்ஃபோன் போட்டு ஒருமுறை கேளுங்கள். முதல் தடவையிலேயே தெளிவாக விளங்கினால் மேடு ரசனையால் வந்தது என்று ஓரளவு நம்பலாம்.

காரணம் சரியாகப் பிடிபட்டும் மறுபயன்பாடு தோற்கிறது என்றால், அந்தத் தருணத்துக்கு முன்னால் வரும் பகுதியை வெட்டிவிட்டீர்கள். கொத்துக் கடைக்காரரின் மௌனம் மௌனமாகத் தெரிவது அதற்கு முன்னால் தாளம் காதில் நிறைந்திருப்பதால்தான். 6:48இல் தொடங்கி வெட்டினால் ஒரு மனிதர் சும்மா நிற்கிறார், பிறகு ஒரு வசனம் சொல்கிறார், அவ்வளவுதான். மூலக் கோப்புக்குப் போவதன் பெரிய லாபம் இங்கே தெரியும். வெளியீட்டில் அந்த ஷாட் 6:41இல்தான் தொடங்குகிறது, மூலத்தில் தாளம் அதற்கு முன்னரே ஓடிக்கொண்டிருக்கிறது. 14:22:02இலிருந்து எடுத்தால் மௌனத்துக்கு முன் 14 வினாடிக்கு மேல் தாளம் கிடைக்கும்.

அந்தத் தருணத்தின் லாக் வரி இப்படி முடிகிறது:

```
வெளியீடு : 6:41–6:51, பின்னால் தட்டிய மேடு
கோப்பு   : 20230716_A_03_C0023.MP4
மூலம்    : 14:22:02:00 – 14:22:23:00
நடப்பது  : கொத்துத் தாளம், திடீர் மௌனம், சீஸ் பற்றிய பதில்
காரணம்   : மௌனத்துக்குப் பின் வரும் வசனம்
தேவை     : முன்னால் குறைந்தது 10 வினாடி தாளம்
தடை      : 14:22:24 முதல் பின்னால் ரேடியோப் பாட்டு
```

"காரணம்", "தேவை" என்ற இரண்டு வரிகளுக்கும் ஒரு தருணத்துக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் போகும். களஞ்சியம் முழுவதுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. வெளியாகி மேடு காட்டிய இடங்களுக்கு மட்டும் செய்யுங்கள். மற்ற ஃபுட்டேஜுக்கு இடம், ஆள், செயல் என்ற மூன்று டேக் போதும்.

## அறிகுறி: தேடினால் நானூறு வருகிறது

"கொத்து", "வெள்ளவத்தை", "சாப்பாடு" என்று தேடினால் எல்லாம் வரும், அதனால் எதுவும் வந்ததாக ஆகாது. இந்த டேக்குகள் படத்தில் என்ன பொருள் இருக்கிறது என்று சொல்கின்றன. எடிட்டர் கேட்பதோ வேறு. "அக்கா, ஒருத்தர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்க்கிற மாதிரி எங்கேயாவது இருக்கா?" என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் டேக் வேண்டும்.

தருணத்தின் வேலையைச் சொல்லும் ஒரு சிறு பட்டியலை வரையறுத்து வையுங்கள். தாளம், மௌனம், பதிலடி, முதல் வாய், சிரிப்பு அடங்கும் இடம், கை குளோசப், எதிர்பாராதது, விடைபெறுதல் என்று ஒரு பன்னிரண்டு இருந்தால் தாராளம். புதியது சேர்க்க வேண்டுமானால் ஒருவர்தான் சேர்க்க வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, தேடிக் கிடைக்காமல் போன கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஷீட்டின் ஓரத்தில் எழுதி வைப்பது. ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் அது டேக் ஆகத் தகுதியானது.

நானூறு வருவதற்கு இன்னொரு காரணம், டேக் முழுக் கோப்பிலும் ஒட்டியிருப்பது. 20 நிமிடக் கிளிப்பில் "மௌனம்" என்று இருந்தால் அது எங்கே என்று தேட இன்னொரு 20 நிமிடம். ரிசால்வில் கீவேர்ட் கிளிப் முழுவதற்கும் போகும், ஆகவே நீளம் உள்ள மார்க்கரைப் போட்டு அதன் குறிப்பில் டேக்கை எழுதுங்கள். பிரீமியரிலும் மார்க்கரை நீட்டலாம். ஃபைனல் கட்டில் கீவேர்டே வீச்சுக்கு ஒட்டும், அந்த வகையில் அது வசதி.

"சிறந்தது" என்ற டேக்கை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு நிரல்கள்: எடிட்டருக்குப் பிடித்ததா, பார்வையாளர் வரைபடம் காட்டியதா. இரண்டும் கலந்து கிடக்கும்வரை அந்த டேக்கை எவரும் நம்ப மாட்டார்கள். பிரித்துவிட்டால் எடிட்டருக்குப் பிடித்து இன்னும் வெளியாகாத இடங்கள் தனியாகத் தெரியவரும், அவையும் தேடத் தகுந்தவை.

## அறிகுறி: கிடைத்துவிட்டது, ஆனால் பயன்படுத்த முடியவில்லை

இது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. டிஸ்க் வேறு ஒருவர் வீட்டில் இருக்கும், பின்னால் ஓடும் பாட்டால் காப்புரிமைக் கோரிக்கை வரும், அல்லது படத்தில் இருப்பவர் மறுபடி போட வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

டிஸ்க்குக்கு, மூலக் கோப்பின் பெயரும் டைம்கோடும் மாறாமல் சிறிய ப்ராக்ஸிகள் செய்து எப்போதும் இயங்கும் ஒரு கணினியில் வையுங்கள். தேடலும் தேர்வும் அங்கேயே முடியும், கடைசியில்தான் டிஸ்க் வேண்டும். ப்ராக்ஸி செய்யும் கருவி டைம்கோடைக் கொண்டுவருகிறதா என்று முதல் கோப்பிலேயே பாருங்கள். 00:00:00:00 என்று தொடங்கினால் கொண்டுவரவில்லை, லாக் நேரங்கள் அங்கே பொருந்தாது.

பாட்டுக்கு, வெளியீட்டிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள். அதில் எடிட்டர் போட்ட இசையும் பேச்சும் ஒன்றாகக் கலந்திருக்கும். மூலத்திலேயே ரேடியோ ஓடினால் அது தொடங்கும் நேரத்தை "தடை" வரியில் எழுதுங்கள். மேலே உள்ள வரியில் 14:22:23இல் வெட்டியது அதனால்தான், அடுத்த வினாடியில் கடைக்குள் ரேடியோ தொடங்கிவிடுகிறது.

அனுமதிக்கு, படத்தில் இருப்பவர் எதற்குச் சம்மதித்தார் என்பதை அவர் சொன்னபடி அதே "தடை" வரியில் எழுதுங்கள்: இந்த வீடியோவுக்கு மட்டுமா, ஷார்ட்ஸுக்கும் சரியா, விளம்பரத்துக்கும் சரியா. சிறுவர்கள் தெரியும் கிளிப்புகளில் இந்த வரி வெறுமையாக இருந்தால், பெற்றோரிடம் கேட்டு எழுதும்வரை அந்தக் கிளிப்பைத் தேடல் முடிவுகளிலிருந்து மறைத்து வையுங்கள்.